மாத்திரை அட்டையைப் படம் எடுக்கும்போது

மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தால், "அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறார். பதற்றத்தில் அனுப்பும் படத்தில் மருந்தின் பெயர் பாதிதான் தெரிகிறது. குறுக்கே டியூப்லைட் வெள்ளைப் பட்டையாகக் கிடக்கிறது. பேட்ச் நம்பர் இருக்கும் ஓரம் படத்துக்குள்ளேயே வரவில்லை.

பெயர் மட்டும் போதாதா என்றால், போதாது. 2025 அக்டோபரில் கோல்ட்ரிப் இருமல் மருந்தில் நச்சு கலந்திருப்பதைத் தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தபோது, சோதனையில் சிக்கியது எஸ்.ஆர்-13 என்ற பேட்ச். அந்த பேட்ச்தானா நம் வீட்டில் இருப்பது என்று லேபிளில் உள்ள ஒரே ஒரு வரிதான் சொல்லும்.

மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் அது நேரே கேமராவுக்குள் திரும்புகிறது. பிளாஷ் இன்னும் மோசம். லென்ஸை ஒட்டியே இருப்பதால் போன வழியே திரும்பிவந்து எழுத்தை விழுங்கிவிடும். ஆகவே முதலில் பிளாஷையும் அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் மேஜையில் அட்டையை வைத்து, கசங்கிய இடத்தைக் கட்டைவிரலால் நீவிவிடுங்கள். ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாக ஒளியைத் திருப்பும். பிறகும் பளபளப்பு தெரிந்தால் போனை ஆட்டாமல், அட்டையின் ஒரு முனைக்கு அடியில் பேனாவைச் செருகிச் சற்றே சாய்த்தால், வெள்ளைப் பட்டை எழுத்தை விட்டு நழுவிப் போவது திரையிலேயே தெரியும்.

இது மையால் அச்சிட்ட எழுத்துக்கு. பல அட்டைகளில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் மை இல்லாமல், ஓரத்தில் அழுத்திப் பதித்த பள்ளமாக இருக்கும். அதற்கு மேற்சொன்ன மென்மையான வெளிச்சம் உதவாது. பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எண் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு போனின் டார்ச்சை மேஜையோடு மேஜையாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் பிடியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து தெளியாவிட்டால் டார்ச்சை அப்படியே வைத்துக்கொண்டு அட்டையைக் கால் வட்டம் திருப்புங்கள்; அதுவரை 3 போலத் தெரிந்தது 8 என்று தெரியவரும். ஆங்கில பி-யும் 8-உம், எஸ்-உம் 5-உம் இப்படித்தான் ஏமாற்றும். சந்தேகமிருந்தால் இரண்டு திசையிலிருந்தும் எடுத்து, இரண்டையும் அனுப்புங்கள்.

எழுத்து சிறியது என்று போனை மூக்கருகே கொண்டுபோவது எல்லோரும் செய்வது. அவ்வளவு அருகில் பெரும்பாலான போன்களுக்கு போகஸ் கிடைக்காது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் எண்ணின் மேல் தொட்டு போகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். எடுத்ததும் பெரிதாக்கி, எண்ணை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் மறுமுனையில் இருப்பவராலும் முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புவது நல்லது.

அட்டைக்கு முன், பின் இரண்டு பக்கமும் வேண்டும். அட்டைப்பெட்டி இருந்தால் ஆறு முகங்களும் வேண்டும். பேட்ச் விவரம் பெரும்பாலும் சிறிய மடிப்பு முகத்தில் ஒளிந்திருக்கும். பெட்டியையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஒரு படம் எடுங்கள். இரண்டிலும் பேட்ச் நம்பர் வேறாக இருந்தால், பெட்டி மாறியிருக்கிறது, அல்லது அதைவிடப் பெரிய கோளாறு. பாட்டிலின் லேபிள் வளைவானது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முந்தைய படத்தின் கடைசி வரி அடுத்த படத்திலும் வரும்படி நான்கு படம் எடுத்தால் எதுவும் விடுபடாது. களிம்பு டியூபில் மடித்த அடிமுனையைப் பாருங்கள்.

எவ்வளவு நன்றாக எடுத்தாலும் இல்லாத எண்ணைப் படம் காட்டாது. கடையில் நாலு மாத்திரை கேட்டால் வெட்டித் தருகிறார்கள்; பேட்ச் நம்பர் உள்ள முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். அந்த முனை உள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள், அல்லது பில்லில் பேட்ச் நம்பர் இருக்கிறதா பாருங்கள். முழு அட்டை வாங்கினால் எண் இல்லாத முனையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குங்கள்.

மருந்தால் பக்கவிளைவு என்று தோன்றினால், மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் தெரிவிக்கலாம். படம் எடுத்தாயிற்று என்று அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆய்வகத்தில் சோதிப்பதற்கு மாத்திரைதான் வேண்டும், படம் உதவாது.