பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால்

ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் இல்லை என்று சொன்னால் மனசு வலிக்கும், கொஞ்ச நாள் முகம் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பெரும்பாலான காதல்களுக்கு இதுவே பெரிய நஷ்டம். ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமோ, ஓர் ஆண் இன்னோர் ஆணிடமோ சொல்லும்போது நஷ்டம் அங்கே நிற்பதில்லை. கேட்டவர் வாய் திறந்தால் செய்தி விடுதிக்கும் அலுவலகத்துக்கும் பரவி, கடைசியில் வீட்டுக்கும் போய்விடும். அதனால் இங்கே கேள்வி இரண்டு. அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பது ஒன்று. நான் சொன்னதை அவர் தன்னோடு வைத்துக்கொள்வாரா என்பது மற்றொன்று. முதல் கேள்வியிலேயே மனசு மூழ்கிவிடுவதால், இரண்டாவதை யோசிக்காமலே பலர் சொல்லிவிடுகிறார்கள். முதலில் பதில் தேட வேண்டியது இரண்டாவது கேள்விக்குத்தான் என்பது என் கருத்து.

கோவையில் பெண்கள் விடுதியில் தங்கி, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வீடு உடுமலைப் பக்கம். மாசத்துக்கு ஒரு முறையாவது வரன் பேச்சு எழுகிறது. அதே விடுதியில் இருக்கும், தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கும் 28 வயதுப் பெண்ணை இவளுக்குப் பிடித்திருக்கிறது. ராத்திரி சாப்பாடு சேர்ந்தே முடிகிறது. மூத்தவள் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிறாள், தலை பின்னிவிடுகிறாள், காய்ச்சல் வந்த அன்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். இதையெல்லாம் வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா?

வரக் கூடாது. நம் ஊரில் இரண்டு பெண்கள் கைகோத்து நடப்பதும், இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்பதும் சாதாரணம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஒரு பாதுகாப்புதான். ஆனால் அதே காரணத்தால் தொடுவதும் தலை பின்னுவதும் எதற்கும் ஆதாரம் ஆகாது. தூங்கும்போது கையைப் பிடித்துப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது என்று தொடுதலால் சோதித்துப் பார்க்கவே கூடாது. எதிரில் இருப்பவளுக்கு அது தன் சம்மதம் இல்லாமல் நடந்த ஒன்று. அவளுக்கும் ஈர்ப்பு இருந்தால்கூட பயந்துபோவாள். வாயால் கேட்பது ஒன்றுதான் நேர்மையான வழி.

அதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டியதில்லை. இந்தப் பேச்சுக்குள் மூன்று தனித்தனிப் பேச்சுகள் இருக்கின்றன. இந்த விஷயத்தைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது முதலாவது. நான் இப்படிப்பட்டவள் என்பது இரண்டாவது. எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது என்பது மூன்றாவது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சில நாளோ சில வாரமோ விட்டால், எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் பேச்சுக்குச் சினிமா உதவும். பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’, மம்மூட்டி நடித்த ‘காதல் தி கோர்’ இரண்டிலுமே தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் மரியாதையான பாத்திரங்களாக வருகிறார்கள். “அந்தப் படம் பாத்தீங்களாக்கா? மம்மூட்டி அப்படி ஒரு ரோல் பண்ணுவார்னு நினைக்கவே இல்ல” என்று ஆரம்பித்தால் போதும். பதிலை அவசரப்பட்டு எடை போடக் கூடாது. நாலு பேர் நடுவில் கேட்டால், உள்ளுக்குள் அதே ஈர்ப்பு உள்ளவள்கூடக் கேலி செய்துவிட்டுப் போகலாம். தன் மேல் சந்தேகம் வரக் கூடாது என்ற பயம் அவளுக்கும் இருக்கும். தனியாக இருக்கும்போது, இன்னொரு நாள், இன்னொரு விதமாகக் கேட்க வேண்டும். இரண்டு முறையும் அருவருப்பாகப் பேசினால் அதோடு விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, மற்றவர்கள் ரகசியத்தை அவள் என்ன செய்கிறாள் என்பது. அறைத்தோழி யாரோடு போனில் பேசுகிறாள், யாருக்கு வீட்டில் தெரியாமல் காதல், எந்த அக்கா கணவரோடு சேர்ந்து வாழவில்லை என்று உங்களிடம் சுவாரஸ்யமாகச் சொல்கிறவள், நாளைக்கு உங்கள் கதையையும் இன்னொருத்தியிடம் சொல்வாள். அவள் மனசு கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் மிகுந்த பாசம் உள்ளவளாகவே இருக்கலாம். ஆனாலும் சொல்வாள்.

நம் ஆய்வகப் பெண்ணின் விஷயத்தில், மூத்தவள் படத்தைப் பற்றி, “பாவம், அந்தப் பொண்டாட்டியும் பாவம், அவரும் பாவம். யாரும் யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கலையே” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் அடுத்தவர் கதை பேசுபவளும் இல்லை. அப்படியானால் இரண்டாவது பேச்சுக்குப் போகலாம். இடம் விடுதி அறையாக இருக்கக் கூடாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கும். பேச்சு கசந்தால் எழுந்து போகவும் இடம் இருக்காது. உக்கடம் பக்கம் வாலாங்குளக் கரை நடைபாதை மாதிரி, ஆள் நடமாட்டம் இருந்தும் பக்கத்தில் யாரும் இல்லாத இடம் நல்லது. நடந்துகொண்டே பேசினால் முகத்தை முகம் பார்க்க வேண்டிய நெருக்கடியும் குறையும்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்ல யாருக்கும் தெரியாது, விடுதியிலயும் தெரியாது. உங்களோடயே இருக்கட்டும். எனக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லாதது வேலைக்காக இல்ல. எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும்.”

இவ்வளவுதான். யாருக்குத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம். கேட்பவருக்கு எதைக் காக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். உன்னைப் பிடித்திருக்கிறது என்பதை அன்றைக்கே சேர்க்க வேண்டாம். சேர்த்தால் மூத்தவள் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைத் தாங்க வேண்டியிருக்கும். பழைய நாட்களின் தலை பின்னியதையும் பக்கத்தில் படுத்ததையும் அன்றைக்கே சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பாள். சில வாரம் கழித்தும் அவள் முன்போலவே பழகுகிறாள், செய்தியும் வெளியே போகவில்லை என்றால் மூன்றாவது பேச்சு.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்குக்கா. அக்காவா மட்டும் இல்ல. நீங்க இப்பவே எதுவும் சொல்ல வேண்டாம். இல்லைன்னு சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன், திரும்பத் திரும்பக் கேக்கவும் மாட்டேன்.”

கேட்க மாட்டேன் என்று சொன்னால் கேட்கக் கூடாது. இல்லை என்ற பதிலைக் கொஞ்ச நாளில் மாறும் என்று எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது, பெண் பின்னால் ஆண் சுற்றுவதைப் போலவே தொந்தரவுதான்.

இந்த மூன்றில் எதையும் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். நேரில் சொன்னது இரண்டு பேருக்குள் இருக்கும். எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பலாம். மறையும் செய்தியாக வைத்தாலும் அதற்குள் படம் எடுத்துவிட முடியும்.

மூத்தவளும் சரி என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தோஷத்தோடு பேசி முடிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. யார் வீட்டில் எவ்வளவு தெரியும்? வரன் நெருங்கி வந்தால் யார் என்ன சொல்லப் போகிறோம்? நம்மைப் பற்றி யாரிடமாவது சொல்லலாமா, யாரிடம்? ஒருத்தி தன்னைப் பற்றித் தன் சிநேகிதியிடம் சொல்வது அவள் உரிமை. இன்னொருத்தியின் பெயரைச் சொல்ல அவளைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியவருவது யாரும் காட்டிக்கொடுத்து அல்ல, போனால்தான். பூட்டிய திரையிலேயே செய்தி தெரிவது, வீட்டுக் கணினியில் வாட்ஸ்அப் திறந்தே கிடப்பது, தம்பியின் கணக்கோடு சேர்ந்திருக்கும் கூகுள் போட்டோஸில் படம் போய் விழுவது. இந்த மூன்றையும் அன்றைக்கே சரிபார்த்துவிட வேண்டும். ஆதார், சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் ஆகியவை ஊரில் பீரோவில் இல்லாமல் தன் கையில் இருப்பதும் நல்லது.

ஆண்கள் பலருக்கு அறிமுகம் செயலி வழியே நடக்கிறது. அங்கே ஆபத்து வேறு மாதிரி. காதலனாகப் பேசி ஆளில்லாத இடத்துக்கு வரவழைத்து, கும்பலாகச் சுற்றி நின்று, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டிப் பணத்தைப் பறிக்கிறவர்கள் தமிழகத்தின் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறார்கள். தன் முகத்தைக் காட்டாமல் உங்கள் படத்தை மட்டும் கேட்பது, வீடியோவில் பேச மறுப்பது, கடைசி நிமிஷத்தில் இடத்தை மாற்றுவது ஆகியவை அடையாளங்கள். முதல் சந்திப்பு பகலில், கடைத்தெருவில் இருக்கட்டும். பிறகு மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் திரும்பவும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். நீங்கள் யாரைப் பார்க்கப் போனீர்கள் என்பது குற்றம் இல்லை.

வயது வந்த இருவர் சம்மதத்தோடு பழகுவதைக் குற்றமாக வைத்திருந்த 377-வது பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாது என்றது. அதற்குப் பிறகும் வீட்டார் காவல் நிலையத்துக்குப் போவது நிற்கவில்லை. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தபோது, இருவரின் பெற்றோரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளர் ஒருவரிடம் தானே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். காணாமல்போனதாகப் புகார் வந்தவர்கள் வயது வந்தவர்கள், தாங்களாகவே விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். இந்த ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று யாரும் வைத்தியம் செய்யக் கூடாது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

2025 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்தில் பெற்றோர் வீட்டில் பிடித்து வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை, அவள் விருப்பப்படி தன் இணையோடு போகலாம் என்று அதே நீதிமன்றம் அனுப்பியது. அவள் இணை முதலில் கொடுத்த புகார்களைக் கவனிக்காத போலீஸையும் கண்டித்தது. திருமணத்தைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் குடும்பமாக வாழலாம் என்றும் சொன்னது. ஆனால் நீதிமன்றம் வரை போக முடிந்தவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு. விடுதியை விட்டு வெளியேற்றும் வார்டனையோ, வேலையை விட்டு நின்றுகொள் என்னும் முதலாளியையோ தடுக்க அந்த நிமிஷத்தில் எதுவும் கையில் இருக்காது. அதனால்தான் சொல்வதற்கு முன் இத்தனை கணக்கு. மனசு தாங்கவில்லை என்றால், டெலி-மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம்.

இதைப் படிக்கும் பலரும் சொல்பவராக இருக்க மாட்டீர்கள். ஆனால் என்றாவது ஒரு நாள் அறைத்தோழியோ அலுவலகத் தம்பியோ உங்களிடம் வந்து சொல்லலாம். உங்களுக்கு அதில் விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டுக்கோ, வார்டனுக்கோ, நல்லதுக்குத்தான் என்று நினைத்து இன்னொரு நண்பருக்கோ சொல்லிவிடாதீர்கள்.