பெட்டியில் போட்ட யோசனை எங்கே போகிறது?

பல தொழிற்சாலைகளில் வாசலுக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சீட்டுப் போட்டவருக்குப் பதில் வராது. அடுத்த முறை அவர் போடவும் மாட்டார். அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் கண்டதை வைத்து டொயோட்டா 1951இல் தொடங்கிய ஆலோசனைத் திட்டம் இன்றும் நடக்கிறது. சின்னப் பட்டறைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு பலகை மாட்டினால் போதும்.

ராடு அறுக்கும் ஹாக்சா மெஷினை எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டர் ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கேல் வைத்து அளக்கிறார். ஒரு துண்டுக்கு 20 விநாடி என்றால், நாளைக்கு 150 துண்டுக்கு 50 நிமிடம் போகிறது. அவர் சீட்டில் இரண்டே வரி எழுதுகிறார்: “ஒவ்வொரு துண்டையும் அளக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்டாப்பர் வைத்தால் ராடை அதில் முட்டவிட்டு அறுக்கலாம்.” கீழே பெயர், தேதி.

சீட்டு அன்றே பலகையில் ஏற வேண்டும். வாரம் ஒருநாள், சூப்பர்வைசரும் மெயின்டெனன்ஸ் ஆளும் பலகை முன் கால்மணி நேரம் நின்று, எதை முயன்று பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்கிறார்கள். வேண்டாம் என்றால் எழுதியவரிடம் நேரில் போய்க் காரணம் சொல்ல வேண்டும். மெஷின் கார்டைக் கழற்றச் சொல்வதையும், வாடிக்கையாளரின் டிராயிங் அளவைத் தொடுவதையும் மட்டும் இவர்களே தீர்மானிக்கக் கூடாது.

ஸ்டாப்பரை ஒரே மெஷினில், ஒரு வாரம், யோசனை சொன்னவர் கையாலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். முன்பு எவ்வளவு நேரமானது என்று முதலிலேயே குறித்து வைக்காவிட்டால் இந்த ஒரு வாரம் வீண்தான். இப்போது இரண்டு கோளாறுகள் தெரியவரும். ஸ்டாப்பர் முகத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டால், ராடு முழுசாக முட்டாமல் துண்டின் நீளம் குறையும். அறுபட்ட துண்டு ஸ்டாப்பருக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கினால் பிளேடே உடையலாம். பக்கத்து மெஷின்காரர் வழி சொல்கிறார்: “வைஸை இறுக்கினதும் ஸ்டாப்பரைப் பின்னால தள்ளிருங்கண்ணே.” பிசிறு தங்காமலிருக்க ஸ்டாப்பர் முகத்தைச் சின்னதாகத் தேய்த்துவிடுகிறார்கள். இதை மேஜையில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெயர் போடும்போது இருவர் பெயரும் வர வேண்டும். மெஷினில் ஒட்டும் வேலைமுறைத் தாளிலேயே எழுதிவிடலாம். பரிசை, மிச்சமான பணத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்தால் கணக்குச் சண்டைதான் மிஞ்சும். முயன்று பார்த்த எல்லா யோசனைக்கும் ஒரே சிறு தொகை என் தேர்வு.

மிச்சமான அந்த ஐம்பது நிமிடத்தைக் காட்டிப் பீஸ் ரேட்டைக் குறைத்தாலோ, ஆளைக் குறைத்தாலோ பலகை ஒரே நாளில் காலியாகிவிடும். அப்படிச் செய்ய மாட்டோம் என்பதை முதல் சீட்டு வருவதற்கு முன்பே முதலாளி கையெழுத்துப் போட்டுப் பலகையின் மேலே ஒட்ட வேண்டும்.