மேடம், அந்த மல்டிப்ளையர் நினைவிருக்கிறதா?

சிப் டிசைனில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து பேராசிரியருக்கு எழுதும் மெயில் வழக்கமாக இரண்டே வரிதான்: நான் இன்ன பேட்ச், எல்.ஓ.ஆர். வேண்டும். முகமே நினைவுக்கு வராத ஆசிரியர், 'ஒழுக்கமானவர், உழைப்பாளி' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தக் கடிதத்தை எந்தத் துறைக்கும் அனுப்பலாம். அதனாலேயே அது எதற்கும் உதவாது.

கோவையில் இ.சி.இ. முடித்து, இப்போது சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மாணவி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"மேடம், வணக்கம். ஆறாவது செமஸ்டரில் உங்கள் வி.எல்.எஸ்.ஐ. லேபில் 16 பிட் மல்டிப்ளையரை வெரிலாகில் எழுதினேன். 100 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்றீர்கள். சிமுலேஷனில் விடை சரியாக வந்தது, ஆனால் டைமிங் ரிப்போர்ட்டில் ஸ்லாக் மைனஸ் 2.6 நானோசெகண்ட்."

100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு க்ளாக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நானோசெகண்ட். அவருடைய சர்க்யூட்டின் மிக நீளமான பாதைக்கு 12.6 தேவைப்பட்டது. விடை வந்து சேரும் முன்பே ரெஜிஸ்டர் எதையோ பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண சிமுலேஷன் கேட்டுகளின் தாமதத்தைக் கணக்கில் எடுக்காது. அதனால் அங்கே குறை தெரியவில்லை.

பாதையின் நடுவில் ஒரு வரிசை ரெஜிஸ்டர் வைத்து இரண்டாக வெட்டினார். இரு பாதியும் 7 நானோசெகண்டுக்குள் அடங்கின. ஆனால் விடை இப்போது ஒரு க்ளாக் தள்ளி வந்தது; 'விடை தயார்' என்று சொல்லும் சிக்னலோ பழைய நேரத்திலேயே வந்துகொண்டிருந்தது. டெஸ்ட்பெஞ்சில் ஒவ்வொரு கேள்விக்கும் முந்தைய கேள்வியின் விடை. அந்த சிக்னலையும் ஒரு ரெஜிஸ்டர் வழியாக அனுப்பிய பிறகுதான் சரியானது.

இந்தக் கடைசித் தடுமாற்றத்தையும் மெயிலில் சொல்ல வேண்டும். பலர் மறைத்துவிடுகிறார்கள். டைமிங்கோடு மல்லுக்கட்டுவதே சிப் டிசைனர்களின் அன்றாட வேலை; தவறு எங்கே என்று தானே கண்டுபிடித்தவர் என்ற வரியைச் சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் நின்று படிப்பார்கள். மார்க் பட்டியல் அதைச் சொல்லாது. லேபில் கண்ணால் பார்த்தவர் சொல்லலாம்.

கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது கேட்பது மரியாதை. மார்க் பட்டியலையும் புராஜெக்ட் ரிப்போர்ட்டையும் இணைத்தால் மேடம் தேடி அலைய வேண்டியதில்லை. முழுக் கடிதத்தையும் தானே எழுதி கையெழுத்து மட்டும் கேட்கிறவர்கள் உண்டு. மூன்று ஆசிரியர்களின் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கடிதம் மாணவி கைக்கு வராது. பல்கலைக்கழகம் நேரடியாக மேடமுக்கு ஒரு லிங்க் அனுப்பும். அதில்தான் ஏற்ற வேண்டும். ஜிமெயிலைவிட கல்லூரி முகவரியைக் கொடுப்பதே நல்லது. அந்த மெயில் ஸ்பாமில் போய் விழுவது சகஜம். லிங்க் அனுப்பிய அன்றே மேடமுக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டும்.