வாய்ப்புக் கணக்கு – 17: வேருக்கே திரும்பும் கிளை

இந்த வாரம் பேயீஸ் வருவார் என்று சொல்லியிருந்தேன். வரமாட்டார். ஒரு டச்சுக்காரர் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். பழையது இரண்டே வரி: மர வரைபடத்தில் ஒரு கணுவிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வரவேண்டும், பாதை நெடுகப் பெருக்கி, பிறகு பாதைகளைக் கூட்டினால் மொத்த நிகழ்தகவு. மறந்தவர்கள் பழைய இதழைத் தூசி தட்டிக்கொள்ளுங்கள்.

டச்சுக்காரர் பெயர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு அவர் ஒரு அலைமுகம். தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்த தத்துவம். சனிக்கோளின் டைட்டன் நிலவை 1655இல் கண்டவர், அடுத்த வருடமே ஊசல் கடிகாரம் செய்தவர். அதே கையோடு 1657இல் சூதாட்டக் கணக்கைப் பற்றிச் சின்னதாக ஒரு நூலும் வெளியிட்டார். அதன் கடைசியில் வாசகர்களுக்கு ஐந்து கணக்குகள் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது, பாஸ்கல் கிளப்பிவிட்டு, பாரிஸ் நண்பர் ஒருவரின் கடிதம் வழியாக ஹைகென்ஸுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அவர் விடையை மட்டும் அச்சிட்டார், வழியைச் சொல்லவில்லை.

வழி 1676இல் அவர் எழுதிவைத்த ஒரு குறிப்பில் இருக்கிறது. அந்த வருடக் குறிப்புகளில்தான் ஆட்டம் எப்படியெல்லாம் போகலாம் என்று கிளை பிரித்து ஒரு படமும் வரைந்திருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் நிகழ்தகவு மரங்களில் மிகப் பழையது அதுதான் என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அச்சேற 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இன்று அடிக்கோல் வைத்துப் போடும் படத்துக்கு மூதாதை ஒரு கைப்பட எழுதிய குறிப்பில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு எனக்கு பேயீஸ் மேல் கவனம் போகவில்லை.

ஆட்டம் இதுதான். ஏ, பி என்று இருவர். ஆளுக்கு 12 காசு. மூன்று பகடைகளைச் சேர்த்து உருட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 14 விழுந்தால் பி ஒரு காசை ஏ-விடம் கொடுக்கவேண்டும். 11 விழுந்தால் ஏ ஒரு காசை பி-யிடம் கொடுக்கவேண்டும். வேறு எது விழுந்தாலும் ஒன்றுமில்லை, மறுபடி உருட்டு. எல்லாக் காசும் யாரிடம் சேர்கிறதோ அவர் வென்றார். ஏ வெல்ல வாய்ப்பு என்ன?

நோட்டை எடுங்கள். 12 காசுக்கு மரம் போட்டால் நோட்டு தாங்காது. ஆளுக்கு இரண்டு காசு என்று வைத்துக்கொள்வோம். நான் போடும் மரம் ஹைகென்ஸின் படத்துக்கு நகல் அல்ல. அதே யோசனை, என் கிறுக்கல்.

முதல் கணு: இருவரும் சமம். மூன்று பகடைக்கு மொத்தம் 216 விதம். 14 விழுவதற்கு 6-6-2, 6-5-3, 6-4-4, 5-5-4 என்று நான்கு கூட்டு. ஆனால் விதங்கள் நான்கு அல்ல. 6-5-3ஐ ஆறு விதமாக இடம் மாற்றலாம், மற்ற மூன்றையும் மும்மூன்று விதமாக, ஆக 15. இதேபோல் எண்ணினால் 11 விழுவதற்கு 27 விதம்.

(இந்த இடம் மாற்றும் விஷயத்தில்தான் இத்தாலியச் சூதாடிகள் முழித்தார்கள். 9க்கும் ஆறு கூட்டு, 10க்கும் ஆறு கூட்டு, அப்படியிருக்க 10 ஏன் சற்று அதிகம் விழுகிறது என்று கலிலியோவிடம் கேட்டார்கள். 9க்கு 25 விதம், 10க்கு 27 விதம் என்று அவர் எண்ணிக் காட்டினார். 216இல் இரண்டே இரண்டு விதம்தான் வித்தியாசம். அதை ஆட்டத்திலேயே உணர்ந்தவர்கள் எவ்வளவு பகடை உருட்டியிருக்கவேண்டும்!)

ஆக முதல் கணுவில் ஒரு கிளைக்கு 15/216, இன்னொன்றுக்கு 27/216. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். கூட்டிப் பாருங்கள்: 42/216. 1 வரவில்லை என்றால் ஒரு கிளை காணாமல் போயிருக்கிறது. விட்டுப்போனது 174/216: ஒன்றும் நடக்காத உருட்டல். ஐந்தில் நான்கு முறை ஒன்றும் நடக்காது! அந்தக் கிளையின் நுனியில் என்ன எழுதுவது? ஒன்றும் மாறவில்லையே, இருவரும் சமமாகத்தான் நிற்கிறார்கள். அது புறப்பட்ட கணுவுக்கே திரும்பி வரும் கிளை.

இங்கேதான் மொத்த நிகழ்தகவு கைகொடுக்கிறது. சமமாக நிற்கும்போது ஏ வெல்லும் வாய்ப்பை x என்போம். ஏ ஒரு காசு முன்னே நிற்கும்போது அவர் வெல்லும் வாய்ப்பு a, ஒரு காசு பின்னே நிற்கும்போது b. மூன்று கிளைகளையும் பெருக்கிக் கூட்டினால்:

x = (15/216)a + (27/216)b + (174/216)x

வலப்பக்கம் இருக்கும் x-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால் (42/216)x மிஞ்சும். இருபுறமும் 42/216ஆல் வகுத்தால்:

x = (5/14)a + (9/14)b

சும்மா போன உருட்டல்களைக் கணக்கில் எடுக்காமல், 15க்கு 27 என்ற விகிதத்தை மட்டும் வைத்து இரண்டே கிளை போடலாம் என்று இதற்குப் பொருள். ஆசிரியர்கள் இதை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவார்கள், பிள்ளைகளும் தலையாட்டிவிடுவார்கள். ஒருமுறையாவது விட்டுப்போன கிளையை வரைந்து, அது எப்படிக் கழிகிறது என்று பார்த்துவிடவேண்டும் என்பது என் கட்சி.

இனி இரண்டாம் நிலை. ஏ ஒரு காசு முன்னே நிற்கும் கணுவில் 5/14 என்று ஒரு கிளை. அது வெற்றியில் முடிகிறது. விட்ட கிளை 9/14. அது சமநிலைக்குத் திரும்புகிறது. பி முன்னே நிற்கும் கணுவில் 9/14 தோல்வியில் முடிகிறது, விட்ட 5/14 மறுபடி சமநிலைக்கு.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குப் பழக்கமான பிழை இந்த நிலையில் வரும். இரண்டாம் கிளையில் 5/14 எழுதவேண்டிய இடத்தில், இரண்டு முறையும் ஏ ஜெயித்ததற்கான 25/196ஐ எழுதிவிடுவது. கிளைமேல் எழுதவேண்டியது ‘இந்தக் கணுவுக்கு வந்தாயிற்று, இனி என்ன’ என்ற நிபந்தனை நிகழ்தகவு. 25/196 என்பது வேரிலிருந்து நுனி வரைக்குமான பெருக்கல் பலன், அதற்கு இடம் நுனி. பிழையைக் கண்டுபிடிப்பது சுலபம். 25/196, 45/196 என்று இரண்டு கிளைக்கும் போட்டிருந்தால் கூட்டினால் 70/196, அதாவது 5/14. 1 வரவேண்டிய இடத்தில் தாய்க்கிளையின் எண் அப்படியே வந்து நிற்கிறது. அப்படி வந்தால், நுனியில் எழுதவேண்டியதைக் கிளையில் எழுதியிருக்கிறீர்கள் என்று தயங்காமல் சொல்லலாம். தாய்க்கிளையின் எண்ணால் வகுத்துவிட்டால் சரியாகிவிடும். வினாத்தாளில் நுனி எண்ணைக் கொடுத்துக் கிளையை வெற்றிடமாக விட்டிருந்தாலும் இதே வகுத்தல்தான்.

இப்போது மரத்தில் நான்கு நுனி. ஏ வென்றது 25/196. பி வென்றது 81/196. சமநிலைக்குத் திரும்பியவை இரண்டு, தலைக்கு 45/196. நான்கையும் கூட்டினால் 196/196, மரம் முழுமை. ஏ வெல்லும் மொத்த நிகழ்தகவு:

x = 25/196 + (90/196)x

அதாவது x = 25/106. பி-க்கு இதே வழியில் 81/106. இரண்டும் சேர்ந்து 1 வருவதைக் கவனியுங்கள். ஆட்டம் முடிவே இல்லாமல் சமநிலைக்குத் திரும்பிக்கொண்டே இருக்க வாய்ப்பு பூஜ்யம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. திரும்பும் வாய்ப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் 90/196, பாதிக்கும் குறைவு. சில சுற்றுகளிலேயே தேய்ந்துவிடும்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு, இதை எல்லா மரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மொத்த நிகழ்தகவு என்பது கணுக்களின் வாய்ப்புகளுக்கு எடைபோட்டு எடுத்த சராசரி. ஆகவே அது அவற்றில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவில்தான் விழவேண்டும். நம் மரத்தில் a = 755/1484, சுமார் 0.51; b = 125/1484, சுமார் 0.08. நம் விடை சுமார் 0.24. நடுவில் இருக்கிறது, b பக்கம் சாய்ந்தும் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கிளைக்கு எடை அதிகம். 0.6 என்று வந்திருந்தால் எந்த வரியையும் திரும்பிப் பார்க்காமலே தப்பு என்று சொல்லியிருக்கலாம்.

12 காசுக்கு எப்படிப் போவது? ஆளுக்கு ஒரு காசு என்றால் விகிதம் 5க்கு 9. இரண்டு காசு என்றால் 25க்கு 81, அதாவது அந்த இரு எண்களின் வர்க்கங்கள். நான்கு காசு என்றால் புது மரம் வேண்டாம். இரண்டு காசு முன்னிலையை ஒரு படியாக நினைத்து, 5, 9 இருந்த இடத்தில் 25, 81ஐப் போட்டு அதே மரத்தை ஓட்டினால் 625க்கு 6561. காசை இரட்டித்தால் விகிதம் வர்க்கமாகிறது. மூன்று காசின் விகிதம் தெரிந்தால் ஆறும் பன்னிரண்டும் தானாக வந்துவிடும்.

ஹைகென்ஸ் அச்சிட்ட விடை 244140625க்கு 282429536481. முதலாவது 5இன் 12ஆம் அடுக்கு, இரண்டாவது 9இன் 12ஆம் அடுக்கு. ஒரு காசு ஆட்டத்தில் பி-யின் வாய்ப்பு ஏ-யுடையதைப் போல 1.8 மடங்குதான். 12 காசு வைத்து ஆடினால் அதுவே சுமார் 1157 மடங்காகிவிடுகிறது. சாதகம் இல்லாதவன் அதிகக் காசோடு உட்கார்ந்தால் தாக்குப்பிடிப்பான் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும். இருவரிடமும் சமமாகக் காசு கூடக்கூட ஏ-யின் பாடு மோசமாகிறது.

மூன்று காசு மரத்தை நீங்களே போடுங்கள். 125க்கு 729 வரவேண்டும். வராவிட்டால் விட்டுப்போன கிளையைத் தேடுங்கள். பேயீஸ் அடுத்த வாரம் கட்டாயம் வருவார். அவருக்கான கேள்வியும் இதே மரத்தில்தான்: இரண்டு காசு ஆட்டத்தில் ஏ ஜெயித்தார் என்று மட்டும் தெரிகிறது, முதல் காசையும் அவரே எடுத்திருக்க வாய்ப்பு என்ன? விடை 151/196.