இடம் மாறும் பதிவகங்கள்

எண்களைப் பெருக்கவும் கூட்டவும் ஒரு சில்லில் தனித்தனிச் சுற்றுகள் உண்டு. அவற்றினிடையே பதிவகங்கள் நிற்கும். கடிகாரத் துடிப்பு வரும் கணத்தில் பதிவகம் தன் வாசலில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த துடிப்பு வரை அதையே காட்டும். ஆகவே, இரு பதிவகங்களுக்கு இடையிலுள்ள வேலை முழுவதும் ஒரு துடிப்புக்குள் முடிந்தாக வேண்டும்.

மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டைப் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டி, வந்த விடை ஒரு வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பெருக்கலுக்கு 14 நானோ விநாடி, கூட்டலுக்கு 6, ஒப்பிட 4 ஆகிறது என்க. (பதிவகம் எண்ணைப் பிடிக்கும் சிறு நேரத்தை விட்டுவிடுவோம்.) தொடக்கத்தில் ஒரு பதிவக வரிசை, கூட்டலுக்குப் பின் ஒரு பதிவகம், முடிவில் ஒன்று. முதல் கட்டத்துக்கு 14+6=20 நானோ விநாடி தேவை; இரண்டாம் கட்டத்துக்கு 4 போதும். கடிகாரமோ எல்லோருக்கும் ஒன்றே. அது 20-க்குக் குறைய முடியாது. இரண்டாம் கட்டம் ஒவ்வொரு துடிப்பிலும் 16 நானோ விநாடி சும்மா இருக்கிறது!

நடுப் பதிவகத்தைக் கூட்டலுக்கு முன்னே நகர்த்துவோம். இப்போது முதல் கட்டம் 14, இரண்டாம் கட்டம் 6+4=10. கடிகாரம் 14-க்கு இறங்குகிறது. விநாடிக்கு 5 கோடித் துடிப்புகள் 7 கோடிக்கு மேல் ஆகின்றன. பெருக்கும் சுற்று துளிகூட வேகமாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூட்டும் சுற்றுக்கு உள்ளே வரும் கம்பிகள் இரண்டு. ஆகையால் ஒரு பதிவகம் போதாது. கம்பிக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். ஒன்றை மறந்தால், பழைய பெருக்கற்பலனோடு புதிய எண் சேர்ந்து விடை கெடும்.

விடை மாறவில்லையா? 2, 3, 4 ஆகியவற்றை முதல் துடிப்பில் கொடுப்போம். இரண்டாம் துடிப்பில் பழைய சுற்றின் நடுவில் 10 பதிவாகும். புதியதில் 6-ம் 4-ம் பதிவாகும். பின்னர் கூட்டி 10 ஆகும். மூன்றாம் துடிப்பில் இரண்டும் ஒரே விடையைத் தரும்.

அமெரிக்கரான சார்லஸ் லைசர்சனும் ஜேம்ஸ் சாக்ஸும் இந்த நகர்த்தலுக்குக் கணித விதி வகுத்தார்கள். 1991-ல் வெளியான அவர்களது கட்டுரையின் எடுத்துக்காட்டில் 24 அலகாக இருந்த துடிப்பு இடைவெளி 13 ஆகக் குறைகிறது.

எல்லை ஒன்று உண்டு. கூட்டிய விடை ஒரு பதிவகம் வழியாக அதே கூட்டலுக்குத் திரும்பினால் அது வளையம். வளையத்தின் ஒரு பக்கம் பதிவகத்தை எடுத்தால் மறுபக்கம் வைத்தே ஆகவேண்டும், எண்ணிக்கை மாறாது. ஒரே பதிவகமுள்ள வளையத்தில் 20 நானோ விநாடி வேலை இருந்தால், எங்கே நகர்த்தினாலும் 20-தான்.

மின்சாரம் வந்ததும் பதிவகம் காட்டும் தொடக்க மதிப்பும் தொல்லை தரும். நம் நடுப் பதிவகம் 5-ல் தொடங்குமானால், புதிய இரண்டிலும் 0, 5 என வைக்கலாம். 2, 3 என்றும் வைக்கலாம். ஆனால் ஒரு கம்பி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளையின் பதிவகம் 0 என்றும் மற்றது 1 என்றும் தொடங்கினால், இரண்டையும் பின்னே நகர்த்தி ஒன்றாக்க இயலாது. ஒரு பதிவகம் 0-ஆகவும் 1-ஆகவும் எப்படி இருக்கும்?