ஐகன் என்பது யாருடைய பெயரும் அல்ல

ஐகன் மதிப்பு, ஐகன் வெக்டர் என்ற சொற்களைக் கல்லூரிக் கணிதத்தில் முதன்முதலாகப் பார்க்கிற பலர், ஐகன் என்றொரு மேதை இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியூட்டன் விதி, ஓம் விதி என்று படித்துப் பழகியதன் விளைவு. அந்தப் பெயரில் ஒரு விஞ்ஞானி இருந்ததும் உண்மைதான்: 1967இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மான்ஃபிரெட் ஐகன். ஆனால் அவர் பிறந்தது 1927இல். 1904லேயே கோட்டிங்கன் நகரத்துக் கணிதர் டேவிட் ஹில்பர்ட் 'ஐகன்வேர்ட்' என்று எழுதிவிட்டார்.

ஜெர்மனில் 'ஐகன்' வீட்டிலும் கடையிலும் புழங்கும் சாதாரணச் சொல். சொந்த, தனக்கே உரிய என்று பொருள். சொந்த வீடு என்பதிலும் அதே ஐகன்தான். அதிலிருந்து பிறந்த ஐகன்டூம் என்றால் சொத்து, ஐகன்ஷாஃப்ட் என்றால் ஒரு பொருளின் குணம். 'வேர்ட்' என்றால் மதிப்பு. ஆக ஐகன்வேர்ட் என்பது ஒன்றுக்கே உரிய மதிப்பு. (இதை அப்படியே 'தன்மதிப்பு' என்று தமிழாக்கினால் கணிதம் போய்ச் சுயமரியாதை வந்து நிற்கும்.)

எதற்கு உரிய மதிப்பு? ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் 2, 1. இரண்டாம் வரியில் 1, 2. இதற்குள் (x, y) என்ற வெக்டரைச் செலுத்தினால் (2x + y, x + 2y) என்று வெளியே வரும். (1, 0) உள்ளே போனால் (2, 1) வருகிறது. நீளமும் மாறிவிட்டது, திசையும் திரும்பிவிட்டது. பெரும்பாலான வெக்டர்களுக்கு இந்தக் கதிதான். ஆனால் (1, 1) போனால் (3, 3) வருகிறது. திசை அப்படியே இருக்க, நீளம் மட்டும் மூன்று மடங்கு. (1, −1) போனால் துளி மாற்றமும் இல்லாமல் (1, −1) ஆகவே திரும்புகிறது. இந்த இரண்டும் ஐகன் வெக்டர்கள். அவற்றின் நீளம் எத்தனை மடங்காகிறதோ அந்த எண்கள், அதாவது 3, 1, ஐகன் மதிப்புகள்.

இவை ஏன் 'சொந்தம்'? வரைபடத் தாளின் அச்சுகளை 45 பாகை திருப்பி வைத்து, அதே மாற்றத்தை மறுபடி எழுதிப் பாருங்கள். 2, 1, 1, 2 என்றிருந்த அணி 3, 0, 0, 1 என்று ஆகிவிடும். பழைய எண்கள் நாம் அச்சுகளைப் போட்ட விதத்தால் வந்தவை. அச்சு மாறினால் அவையும் மாறும். எந்த அச்சைப் போட்டாலும் மாறாத 3உம் 1உம்தான் அந்த மாற்றத்துக்கே உரியவை. மூலைவிட்டத்தைக் கூட்டினால் முன்னும் 4, பின்னும் 4 என்று சரிபார்த்துக்கொள்ளலாம். எல்லா அணிக்கும் இந்த வாய்ப்பு கிடையாது. தளத்தை 90 பாகை சுழற்றும் அணியில் திசை மாறாத வெக்டர் ஒன்றுகூட இருக்காது. அதன் ஐகன் மதிப்புகளைத் தேட மெய்யெண்களைத் தாண்டிக் கலப்பெண்களுக்குப் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. சில்வெஸ்டர் 1883இல் 'லேட்டன்ட் ரூட்' என்றார். 'கேரக்டரிஸ்டிக் வேல்யூ', 'ப்ராப்பர் வேல்யூ' என்றும் எழுதிவந்தார்கள். ஒரே பொருளுக்கு மூன்று பெயர், எதுவும் நிலைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் 1926இல் ஷ்ரோடிங்கரின் கட்டுரைகள் ஜெர்மன் மொழியில் வெளியாயின. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் ஏன் −13.6, −3.4 எலக்ட்ரான் வோல்ட் என்ற குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டுமே நிலைத்திருக்கிறது என்ற கேள்விக்கு அவை விடை சொல்லின: அந்த எண்கள் ஒரு சமன்பாட்டின் ஐகன் மதிப்புகள். தலைப்பிலேயே ஐகன்வேர்ட் இருந்தது. புதிய இயற்பியலைக் கற்க எல்லோரும் அந்தக் கட்டுரைகளைத்தான் படித்தார்கள். படித்த ஆங்கிலேயர்கள் 'வேர்ட்'டை 'வேல்யூ' ஆக்கிவிட்டு, 'ஐகன்'னை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பாதி மொழிபெயர்த்த சொல்தான், ஆனாலும் வசதியானது. ஆங்கிலத்தில் 'ப்ராப்பர்' என்றால் 'முறையான' என்றும் பொருள்படும், 'கேரக்டரிஸ்டிக்' நீளம். 'ஐகன்' என்பதற்கோ அங்கே வேறு பொருளே கிடையாது. எதன் முன்னாலும் ஒட்டிக்கொள்ளும்: ஐகன் நிலை, ஐகன் சார்பு, ஐகன் வெளி. பால் ஹால்மாஸ் என்ற கணிதர் 'ப்ராப்பர் வேல்யூ'வுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். கடைசியில் 1967இல் வெளியான தன் நூலில் தோல்வியை ஒப்புக்கொண்டு, தானும் ஐகனுக்கே மாறினார்.

அறிவியலுக்கு இந்தச் சொல் கட்டாயத் தேவை என்று இதற்குப் பொருளில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'வாலர் ப்ரோப்ர்' என்று முழுக்கத் தங்கள் மொழியிலேயே சொல்கிறார்கள், இத்தாலியர்கள் 'ஆட்டோவலோரே' என்கிறார்கள். அவர்களுடைய கணிதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஐகனை வைத்துக்கொண்டது ஆங்கிலமும் அதன் வழியே பாடம் படித்த நம்மைப் போன்றவர்களும்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது, ஆள் பெயர் என்று நினைத்து இதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடாதீர்கள்.