இ-ஸ்கூட்டர்: மிச்சம் எங்கே, எவ்வளவு?

ஷோரூமில் நுழைந்ததும் முதலில் காதில் விழும் வாக்கியம் இதுதான்: “கிலோமீட்டருக்குப் பதினஞ்சு பைசாதான் சார். பெட்ரோல் வண்டின்னா ரெண்டேகால் ரூபாய்.” இரண்டு எண்ணும் ஏறக்குறைய சரியானவையே. ஆனால் அந்தப் பதினைந்து பைசாவில் கரண்ட் மட்டும்தான் இருக்கிறது. பேட்டரியும் சார்ஜரும் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் என்ன ஆகிறது?

முதலில் கரண்ட் கணக்கை முடித்துவிடலாம். என் வண்டியின் பேட்டரி சுமார் 2.9 யூனிட் பிடிக்கும். பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே சின்ன வாட்மீட்டர் ஒன்றை மாட்டி, 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்றிப் பார்த்தேன். பேட்டரிக்குள் போயிருக்க வேண்டியது 2.3 யூனிட். மீட்டர் காட்டியதோ 2.7 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் சார்ஜரின் சூடாகப் போய்விட்டது. சார்ஜ் ஏறும்போது அதைத் தொட்டுப் பார்த்தால் கையிலேயே தெரியும். அந்தச் சார்ஜில் ஊருக்குள் 72 கிலோமீட்டர் ஓடியது. ஆக, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 27 கிலோமீட்டர். விளம்பரத்தில் வரும் ரேஞ்சை விட்டுவிட்டு, கணக்கை இந்த எண்ணிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்தில் 1,500 கிலோமீட்டர் ஆகும். அதற்கு 55 யூனிட் போதும். அந்த 55 யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில், கூடுதல் யூனிட்டுக்கு ரூ.4.70. 55 யூனிட்டுக்கு ரூ.259 வரும், கிலோமீட்டருக்கு 17 பைசா. ஷோரூம்காரர் சொன்னது கிட்டத்தட்ட சரி.

ஏசி ஓடும் வீட்டில் கதை வேறு. அங்கே ஏற்கெனவே 480 யூனிட் என்று வையுங்கள். ஸ்கூட்டர் சேர்ந்ததும் 535. 500-ஐத் தாண்டிய உடனே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த ரூ.2.35 சலுகை போய், அவற்றுக்கும் ரூ.4.70 விழுகிறது. இதில் மட்டும் ரூ.235 கூடுதல். 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு ரூ.8.40 வேறு. மொத்த பில் ரூ.1,679-லிருந்து ரூ.2,334 ஆகிறது. அதே 55 யூனிட்டுக்கு இந்த வீடு கொடுப்பது ரூ.655, அதாவது கிலோமீட்டருக்கு 44 பைசா. உங்கள் பழைய பில்லில் யூனிட் 450-க்கும் 500-க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லிட்டர் ரூ.101, வண்டி ஊருக்குள் 45 கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்கு ரூ.2.24. ஆக, ஏசி வீட்டிலும்கூட கரண்ட் செலவு பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்தச் சுற்றில் மின்சாரம் எளிதாக ஜெயிக்கிறது. உண்மையான போட்டி இனிமேல்தான்.

பேட்டரியைச் சேர்த்தால்

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். வண்டியோடு வரும் முதல் பேட்டரியின் விலை ஆன்ரோடு விலைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாக இன்னொரு முறை கூட்டக் கூடாது. கூட்ட வேண்டியவை மூன்று: அதே தரத்துப் பெட்ரோல் வண்டியைவிட எவ்வளவு அதிகம் கொடுத்தோம், சார்ஜருக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் என்ன ஆகும், பேட்டரியை எப்போதாவது மாற்றினால் எவ்வளவு.

எட்டு ஆண்டுக்குக் கணக்குப் போடுவோம். விலை வித்தியாசம் ரூ.25,000. எர்த் இணைப்போடு புதிய பாயின்ட் போடவும், வோல்டேஜ் ஏறி இறங்கியதில் சார்ஜர் ஒரு முறை போய்விட்டால் மாற்றவும் ரூ.15,000. புதுப் பேட்டரி ரூ.60,000. மொத்தம் ஒரு லட்சம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கான பேட்டரி விலையையும் சார்ஜர் விலையையும் சர்வீஸ் சென்டரில் கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் எட்டு ஆண்டில் 72,000 கிலோமீட்டர் போயிருப்பார். பெட்ரோல் என்றால் 1,600 லிட்டர், ரூ.1,61,600. மின்வண்டிக்கு 300 யூனிட் வீட்டில் கரண்ட் ரூ.12,500, மேலே சொன்ன ஒரு லட்சம், ஆக ரூ.1,12,500. மிச்சம் ரூ.49,000, மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய். ஏசி வீட்டில் அது சுமார் ரூ.30,000 ஆகக் குறையும். கடையில் சொன்ன அளவுக்கு இல்லை, ஆனாலும் மிச்சம்தான்.

இப்போது காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் மட்டும் வண்டி எடுக்கிறவரைப் பாருங்கள். நாளுக்குப் பத்து கிலோமீட்டர், ஆண்டுக்கு 3,000. எட்டு ஆண்டுப் பெட்ரோல் செலவே ரூ.54,000-க்குள் முடிந்துவிடும். மின்வண்டிக்கு அவர் கணக்கு ரூ.1,04,000. ஐம்பதாயிரம் நஷ்டம்.

குறைவாக ஓட்டினால் பேட்டரி அதிக நாள் உழைக்காதா என்று தோன்றும். ஓரளவுக்கு உழைக்கும். ஆனால் லித்தியம் பேட்டரி ஓடுவதால் மட்டும் தேய்வதில்லை. சும்மா நின்றாலும் வயதாகிறது. முழு சார்ஜோடு வெயிலில் நின்றால் இன்னும் வேகமாக. அதனால்தான் நீட்டித்த வாரன்டியில்கூட ‘8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதுகிறார்கள்.

“நான் பேட்டரியை மாற்றவே மாட்டேன், அப்படியே விற்றுவிடுவேன்” என்பவரும் தப்ப முடியாது. வாங்க வருகிறவர் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துத்தான் விலை கேட்பார். ஆகவே பேட்டரியைக் கணக்கில் வைப்பதே நேர்மை. பெட்ரோல் வண்டிக்கு ஆயில், ஸ்பார்க் பிளக் என்று சர்வீஸ் செலவு கொஞ்சம் கூடுதல். அது மின்வண்டிக்குச் சாதகமான ஒரு சிறு தொகை.

பேட்டரி தேய்கிறதா என்று அறிய

அந்த வாட்மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே 20 முதல் 100 வரையிலான சார்ஜை அளந்து எழுதிவையுங்கள். புதிதில் 2.7 யூனிட் வாங்கிய பேட்டரி 2.1 யூனிட்டிலேயே நிறைந்துவிட்டால், அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று பொருள். வாரன்டி இருக்கும்போதே இந்தக் குறிப்போடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். யூனிட் அதே 2.7 வாங்கியும் கிலோமீட்டர் மட்டும் குறைகிறதென்றால், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். டயரில் காற்றும், பிரேக் உரசுகிறதா என்பதும்தான் பார்க்க வேண்டியவை.

தீர்ப்புக்கு வருவோம். கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் ரூ.2.07. ஒரு லட்சத்தை அதால் வகுத்தால் 48,000 கிலோமீட்டர் சொச்சம். எட்டு ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 500 கிலோமீட்டர். வேலை நாளுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்களா? பேட்டரியையும் சார்ஜரையும் சேர்த்த பிறகும் மின்வண்டிதான் மலிவு. அதற்குக் கீழே என்றால், புகையில்லை, சத்தமில்லை என்பதற்காகத் தாராளமாக வாங்குங்கள். காசு மிச்சமாகும் என்று மட்டும் வாங்காதீர்கள்.